சரிவகத்தின் நான்கு முக்கோணங்கள்: 8, 18 மட்டும் கொடுத்தால் மொத்தம் 50 எப்படி வருகிறது?

கயல்விழி

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் பயிற்சித்தாளில் வந்த கணக்கு இது. ABCD ஒரு சரிவகம். AB-யும் CD-யும் இணை. மூலைவிட்டங்கள் AC, BD இரண்டும் O-வில் வெட்டிக்கொள்கின்றன. AOB முக்கோணத்தின் பரப்பு 8 சதுர செ.மீ., COD-யின் பரப்பு 18 சதுர செ.மீ. சரிவகத்தின் மொத்தப் பரப்பு என்ன? விடை 50 என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வழி தரவில்லை.

அவள் தானாக ஒன்று செய்து பார்த்தாள். இரண்டு முக்கோணமும் வடிவொத்தவை, பரப்பு விகிதம் 8 : 18, அதாவது 4 : 9. அதனால் பக்க விகிதம் 2 : 3. AB-யை 4 என்று வைத்துக்கொண்டால் CD 6. பரப்பு 8 வர AOB-யின் உயரம் 4, பரப்பு 18 வர COD-யின் உயரம் 6. சரிவகத்தின் உயரம் 10, பரப்பு 50. விடை வந்துவிட்டது.

அப்புறம் AB-யை 2 என்று மாற்றிப் போட்டாள். CD 3, உயரங்கள் 8, 12. சரிவகத்தின் உயரம் 20. பரப்பு மறுபடியும் 50. AB 16 என்று போட்டாலும் 50-தான். "நானே இஷ்டத்துக்கு எண் போடுறேன், எப்படிப் போட்டாலும் அதே விடை ஏன் வருது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யாராவது விளக்க முடியுமா?

---

முத்துராஜ்

சுலபம்தான். O-வுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருக்கிற AOD, BOC இரண்டும் சர்வசம முக்கோணங்கள். ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டால் பெருக்கினால் போதும். பக்க விகிதம் 2 : 3 என்று மகள் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாள். AC-யில் AO 2 பங்கு, OC 3 பங்கு. ஆகவே BOC-யின் பரப்பு 8 × 3/2 = 12. இரண்டு 12 சேர்ந்தால் 24. 8 + 18 + 24 = 50.

---

சுந்தரமூர்த்தி

முத்துராஜ் சொன்ன 12 சரி. சர்வசமம் என்பது மட்டும் சரியில்லை. ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கும் சரிவகத்தை வரைந்து பாருங்கள். AB 4, CD 6, AD 5, AD இரண்டுக்கும் செங்குத்து. அப்போது BC √29. AOD-யையும் BOC-யையும் வெட்டி எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது. ஆனால் இரண்டின் பரப்பும் 6-தான். பரப்பு மட்டுமே சமம். சாய்வான இரண்டு பக்கங்களும் ஒரே நீளமாக இருந்தால்தான் சர்வசமம்.

கயல்விழி அம்மா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. வடிவொத்த முக்கோணம், உயரம் எதையும் தொடாமலேயே பதில் சொல்லலாம். இரண்டே படிகள்.

முதலில், பக்கத்து முக்கோணங்கள் ஏன் சமம்? ABD, ABC என்ற இரண்டு பெரிய முக்கோணங்களைப் பாருங்கள். இரண்டுக்கும் அடிப்பக்கம் AB. உச்சிகள் D, C இரண்டும் AB-க்கு இணையான ஒரே கோட்டில் இருக்கின்றன. உயரம் சமம், ஆகவே பரப்பும் சமம். இரண்டுக்கும் பொதுவாக AOB என்ற பகுதி உள்ளே இருக்கிறது. அதை இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது AOD-யும் BOC-யும். சமமானவற்றிலிருந்து ஒரே பொருளை எடுத்தால் மிச்சமும் சமம். அவ்வளவுதான்.

அடுத்து, அந்தச் சம பரப்பு எவ்வளவு? அதை x என்று வைத்துக்கொள்வோம். AC என்ற மூலைவிட்டத்தை மட்டும் பாருங்கள். B-யிலிருந்து பார்த்தால் அதன் மேல் AOB, BOC என்று இரண்டு முக்கோணங்கள் உட்கார்ந்திருக்கின்றன. உச்சி ஒன்றே, உயரமும் ஒன்றே. ஆகவே பரப்புகள் AO : OC என்ற விகிதத்தில் இருக்கும். இப்போது D-யின் பக்கமிருந்து பாருங்கள். அதே AC-யின் மேல் AOD, COD. அவையும் அதே AO : OC. ஆகவே

8 : x = x : 18

x × x = 144, x = 12.

இந்த வழியில் AB எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று எங்கேயும் கேட்கவே இல்லை பாருங்கள். அதனால்தான் மகள் எந்த நீளம் போட்டாலும் 50 வருகிறது. அவள் AB-யைப் பாதியாக்கியபோது, 8 மாறாமல் இருக்க உயரத்தை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. சரிவகத்தை அகலத்தில் பாதியாகச் சுருக்கி உயரத்தில் இரட்டிப்பாக இழுத்த மாதிரி அது. அப்படி இழுத்தால் உள்ளே இருக்கும் எல்லா முக்கோணத்தின் பரப்பும் மாறாமல் நிற்கும்.

---

கயல்விழி

மிக்க நன்றி ஐயா. "பொதுவானதை எடுத்துவிடு" என்ற இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மொத்தம் (√8 + √18)² என்று எழுதலாமா என்று கேட்கிறாள். 8 + 18 + 2√144, அதுவும் 50 தருகிறது.

---

சுந்தரமூர்த்தி

தாராளமாக எழுதலாம். எந்தச் சரிவகத்துக்கும் அது பொருந்தும். 4, 9 என்று முழு வர்க்கமாகக் கொடுத்தால் (2 + 3)² = 25 என்று மனக்கணக்காகவே வந்துவிடும். 8, 18 என்று கொடுத்தவர் அந்தக் குறுக்குவழி சட்டென்று கண்ணில் படாதபடி வைத்திருக்கிறார்.

---

முத்துராஜ்

ஐயா, நான் நோட்டில் மூன்று சரிவகம் வரைந்து பார்த்தேன். மூன்றிலும் AOD, BOC அச்சு அசலாக ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பாடப்புத்தகப் படங்களிலும் அப்படித்தான். விதிவிலக்கான படத்துக்காகச் சர்வசமம் இல்லை என்று சொல்ல வேண்டுமா?

---

சுந்தரமூர்த்தி

தம்பி, நீங்கள் வரைந்த மூன்றும் இருபக்கமும் சமமாகச் சாய்ந்த சரிவகமாக இருக்கும். கை இயல்பாக அப்படித்தான் வரையும். உண்மையில் அதுதான் விதிவிலக்கு. CD-யை அப்படியே வைத்துவிட்டு, AB-யை மட்டும் அதே கோட்டில் வலப்பக்கம் நகர்த்தி, CD-யைத் தாண்டிப் போகும்படி வரையுங்கள். பக்கத்து முக்கோணங்களில் ஒன்று நீண்டு ஒல்லியாகும், மற்றது வேறு உருவம் எடுக்கும். பரப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். சர்வசமம் என்று எழுதினால் "கோணம் ADO = கோணம் BCO" என்று அடுத்த வரியில் எழுதத் தோன்றும். தேர்வில் மதிப்பெண் போவது அங்கேதான்.

---

தமிழ்ச்செல்வி

நான் போட்டித் தேர்வு வகுப்புகளுக்கு வினாத்தாள் தயாரிக்கிறேன். இந்தக் கணக்கில் மாணவர்கள் அதிகம் தவறுவது வேறு ஓர் இடத்தில். 8-க்கும் 18-க்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று தெரிகிறது, உடனே சராசரி எடுத்து 13 என்று போடுகிறார்கள். மொத்தம் 52 வருகிறது. விருப்ப விடைகளில் 52 இருந்தால் பலர் அதைத்தான் குறிப்பார்கள்.

13 வர முடியாது என்பதை ஒரு சின்னச் சோதனையில் பார்க்கலாம். மேலும் கீழும் இருக்கும் முக்கோணங்களைப் பெருக்கினால் 144. பக்கத்து இரண்டைப் பெருக்கினால் 169. இந்த இரண்டு பெருக்கற்பலனும் ஒன்றாக இருந்தாக வேண்டும். சராசரி சரியாக வருவது மேல் முக்கோணமும் கீழ் முக்கோணமும் சமமாக இருக்கும்போது மட்டும். அப்போது அது இணைகரம் ஆகிவிடும்.

இதையே திருப்பிக் கேட்பதும் உண்டு. மொத்தம் 50, பக்கத்து முக்கோணம் ஒன்று 12, மற்றவை என்ன? மேலும் கீழும் சேர்ந்து 26, பெருக்கினால் 144. ஆகவே 8, 18. இப்படிக் கேட்கும்போது வினா தயாரிப்பவர் கவனமாக இல்லாவிட்டால் நடக்காத சரிவகத்தைக் கொடுத்துவிடுவார். மொத்தம் 50, பக்கத்து முக்கோணம் 13 என்று ஒரு பழைய தாளில் பார்த்தேன். மேலும் கீழும் சேர்ந்து 24, பெருக்கினால் 169 வர வேண்டும். கூட்டுத்தொகை 24 ஆக இருக்கும் இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 144-ஐத் தாண்டாது. அப்படி ஒரு சரிவகமே கிடையாது. பக்கத்து முக்கோணம் மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, 50-க்கு 12.5-தான் உச்சம். வினாத்தாள் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

---

அருள்

அப்படியானால் ஒரு நாற்கரம் சரிவகமா என்று கண்டுபிடிக்க இதையே பயன்படுத்தலாமே? நான்கு முக்கோணங்களின் பரப்பையும் எடுத்து, எதிரெதிரானவற்றைப் பெருக்கிப் பார்த்து, இரண்டும் சமமாக வந்தால் சரிவகம்.

---

சுந்தரமூர்த்தி

அது சோதனை ஆகாது. பெருக்கற்பலன் சமமாக இருப்பது குழிவு இல்லாத எல்லா நாற்கரத்துக்கும் பொது. நான் மேலே சொன்ன இரண்டாம் படியைத் திரும்பப் பாருங்கள். AOB : BOC = AO : OC, AOD : COD = AO : OC. இதில் இணை என்ற சொல்லே வரவில்லை. குறுக்கே பெருக்கினால் AOB × COD = BOC × AOD. எந்த நாற்கரமாக இருந்தாலும் இது நிற்கும். சரிவகம் கூடுதலாகத் தருவது BOC = AOD என்பதை மட்டும்தான்.

ஆகவே சோதனைக்கு அந்த ஒரு சமத்தை மட்டும் பாருங்கள். AOD-யும் BOC-யும் சமம் என்று தெரிந்தால் AOB-யைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ABD = ABC. ஒரே அடிப்பக்கம், ஒரே பரப்பு, இரண்டு உச்சியும் AB-யின் ஒரே பக்கம். அப்படியானால் D-யும் C-யும் AB-யிலிருந்து ஒரே தொலைவில் இருக்கின்றன, CD அதற்கு இணை. யூக்ளிட் முதல் நூலில் 37-ஆம் கூற்று ஒரு திசை, 39-ஆம் கூற்று மறுதிசை. இரண்டையும் அவர் தனித்தனியாக நிறுவியிருக்கிறார்.

---

வேலவன்

இந்த இழையைப் படித்ததும் எங்கள் மனையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நாங்கள் நான்கு பேர் அண்ணன் தம்பிகள். அப்பா விட்டுப்போன மனை சரிவக வடிவம். பத்திரப்படி வடக்கே 60 அடி, தெற்கே 90 அடி, இரண்டுக்கும் நடுவே நேர் தூரம் 80 அடி. மூலைக்கு மூலை கயிறு கட்டினால் இரண்டு கயிறும் வெட்டும் இடத்தில் கிணறு இருக்கிறது. நான்கு பேருக்கும் கிணறு வேண்டும். மூலைவிட்டம் வழியாகவே வரப்பு போட்டால் நான்கும் சமமாக வரும் என்று பெரிய அண்ணன் சொல்கிறார். இங்கே நீங்கள் முக்கோணங்கள் சமம் என்று சொல்வதும் அதுதானே?

---

தமிழ்ச்செல்வி

இல்லை அண்ணா, அப்படிப் பிரித்துவிடாதீர்கள். கிழக்கும் மேற்கும் மட்டும்தான் சமம். உங்கள் மனையிலும் 60 : 90, அதே 2 : 3 விகிதம். ஆகவே நான்கு துண்டும் 4 : 6 : 6 : 9. மொத்தம் 25 பங்கு. மனையின் பரப்பு 75 × 80 = 6000 சதுர அடி, ஒரு பங்கு 240. வடக்குத் துண்டு 960, கிழக்கு 1440, மேற்கு 1440, தெற்கு 2160. தெற்கு எடுக்கிறவருக்கு வடக்கு எடுக்கிறவரைப் போல இரண்டேகால் மடங்கு நிலம் போகும்.

---

வேலவன்

இரண்டேகால் மடங்கா! தெரியாமல் கையெழுத்துப் போட இருந்தோம். சரி, கிணற்றைக் கொஞ்சம் தள்ளி வைத்ததாக நினைத்து, வேறொரு புள்ளியிலிருந்து நான்கு மூலைக்கும் கோடு போட்டால் சமமாக வருமா?

---

தமிழ்ச்செல்வி

உங்கள் மனையில் வராது. ஒவ்வொருவருக்கும் 1500 சதுர அடி வேண்டும். வடக்கே 60 அடி அடிப்பக்கம், 1500 வர உயரம் 50 அடி. தெற்கே 90 அடி அடிப்பக்கம், உயரம் 33 அடி 4 அங்குலம். இரண்டையும் கூட்டினால் 83 அடி 4 அங்குலம். உங்களிடம் இருப்பது 80 அடி. இடம் போதவில்லை. மூலைக்குப் போகும் கோடுகளை விட்டுவிட வேண்டும்.

கிணற்றை மறந்தால் சுலபம். வடக்குப் பக்கத்தைப் பதினைந்து அடியாக நான்காகவும், தெற்குப் பக்கத்தை இருபத்திரண்டரை அடியாக நான்காகவும் பிரித்து நேருக்கு நேர் சேர்த்துவிடுங்கள். நான்கும் சம பரப்பு. ஆனால் ஓரத்தில் இருக்கும் இரண்டு பேருக்குக் கிணறு எட்டாது.

---

சுந்தரமூர்த்தி

கிணற்றை வைத்துக்கொண்டே செய்யலாம். சரிவகத்தில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று இங்கே உதவுகிறது. வடக்குப் பக்கத்தின் நடுப்புள்ளி, மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி, தெற்குப் பக்கத்தின் நடுப்புள்ளி, மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். மேல் முக்கோணத்தைத் திருப்பிப் பெரிதாக்கினால் கீழ் முக்கோணம் வந்துவிடும், அந்தத் திருப்பலில் O அசையாது, நடுப்புள்ளி நடுப்புள்ளிக்குப் போகும்.

வடக்கை A, B என்றும் தெற்கை D, C என்றும் வைப்போம். B-யும் C-யும் கிழக்கு. முதலில் வடக்கு நடுப்புள்ளியிலிருந்து தெற்கு நடுப்புள்ளிக்கு ஒரு கோடு. அது கிணற்றின் வழியாகவே போகும். கிழக்கே 3000, மேற்கே 3000. இரண்டு பாதியும் கிணற்றைத் தொடுகின்றன.

இப்போது கிழக்குப் பாதியை இரண்டாக்க வேண்டும். அதில் கிணற்றிலிருந்து பார்த்தால் மூன்று முக்கோணங்கள் இருக்கின்றன. வடக்கு முக்கோணத்தில் பாதி 480, கிழக்கு முக்கோணம் முழுதும் 1440, தெற்கு முக்கோணத்தில் பாதி 1080. வடகிழக்குக்காரருக்கு 1500 வேண்டும். 480 ஏற்கெனவே இருக்கிறது. மீதி 1020-ஐக் கிழக்கு முக்கோணத்திலிருந்து எடுக்க வேண்டும். 1440-இல் 1020 என்பது 24-இல் 17 பங்கு. ஆகவே B-யிலிருந்து C-யை நோக்கிக் கிழக்கு வேலியின் நீளத்தில் 17/24 பங்கு நடந்து அங்கே ஒரு கல் நடுங்கள். கிணற்றிலிருந்து அந்தக் கல்லுக்கு வரப்பு. தென்கிழக்குக்காரருக்கு மீதி 420-உம் 1080-உம் சேர்ந்து 1500.

மேற்கேயும் அதே 17/24. கிழக்கு, மேற்கு முக்கோணங்கள் சமம் என்பதால்தான் இரண்டு பக்கமும் ஒரே பின்னம் வருகிறது. வேலிகளின் நீளம் வேறுவேறாக இருந்தாலும் கவலையில்லை, பின்னம் மாறாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரிய பக்கம் சிறிய பக்கத்தைப் போல ஏறத்தாழ 2.4 மடங்குக்கு மேல் இருக்கும் மனையில் தெற்கு முக்கோணத்தின் பாதியே ஒருவருடைய பங்கைத் தாண்டிவிடும். அங்கே கல் கிழக்கு வேலியில் விழாது, தெற்குப் பக்கத்துக்கு வந்துவிடும். உங்களுடையது ஒன்றரை மடங்குதான், சிக்கல் இல்லை.

---

அருள்

வேலவன் அண்ணா, கல் நடுவதற்கு முன் வடக்கும் தெற்கும் உண்மையாகவே இணையா என்று பார்த்துவிட்டீர்களா? ஐயா சொன்ன எல்லாமே அதை நம்பித்தான் நிற்கிறது.

---

வேலவன்

பத்திரத்தில் அளவு மட்டும்தான் இருக்கிறது. பார்த்தால் இணை மாதிரிதான் தெரிகிறது. எப்படிச் சோதிப்பது?

---

சுந்தரமூர்த்தி

அருள் கேட்டது சரியான கேள்வி. கோணம் அளக்கத் தேவையில்லை. மூலைக்கு மூலை கயிறு கட்டுங்கள். கயிறுகள் வெட்டும் இடத்திலிருந்து நான்கு மூலைக்கும் டேப்பில் அளந்து எழுதுங்கள். இணையாக இருந்தால் இரண்டு கயிறும் ஒரே விகிதத்தில் பிரியும். உங்கள் மனையில் வடக்குத் துண்டை அதே கயிற்றின் தெற்குத் துண்டால் வகுத்தால் இரண்டிலும் 0.667 பக்கம் வர வேண்டும்.

---

வேலவன்

நேற்று மாலை தம்பியும் நானும் அளந்தோம். வடமேற்கு மூலைக்கு 45 அடி, அதே கயிற்றில் தென்கிழக்கு மூலைக்கு 68 அடி. வடகிழக்குக்கு 44 அடி, அதே கயிற்றில் தென்மேற்குக்கு 61 அடி. கயிறுகள் ஏறத்தாழ மூலைமட்டத்துக்கு வெட்டுகின்றன. அரை அடி முன்னே பின்னே இருக்கலாம்.

---

சுந்தரமூர்த்தி

45-ஐ 68-ஆல் வகுத்தால் 0.66. இது பொருந்துகிறது. 44-ஐ 61-ஆல் வகுத்தால் 0.72. இது பொருந்தவில்லை. இந்த அளவுகள் சரி என்றால் வடக்கும் தெற்கும் இணையில்லை, உங்கள் மனை சரிவகமும் இல்லை.

எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கலாம். கயிறுகள் செங்குத்தாக வெட்டுவதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முக்கோணமும் இரண்டு துண்டுகளின் பெருக்கற்பலனில் பாதி. மேற்கு 45 × 61-இல் பாதி, 1372.5. கிழக்கு 44 × 68-இல் பாதி, 1496. சமமாக இருக்க வேண்டிய இரண்டுக்கும் 120 சதுர அடிக்கு மேல் வித்தியாசம், கால் சென்டுக்கும் கூடுதல். வடக்கு 990, தெற்கு 2074. எதிரெதிரானவற்றைப் பெருக்கினால் அப்போதும் சமம்தான். அருள் முன்பு சொன்ன சோதனை இங்கே எந்தக் குறையையும் காட்டாது.

எனக்குக் கவலை வேறொன்று. நான்கையும் கூட்டினால் 5932.5. கயிறுகள் செங்குத்தாக இல்லாவிட்டால் பரப்பு இதைவிடக் குறையுமே தவிரக் கூடாது. பத்திரம் 6000 என்று சொல்கிறது. ஆகவே 113 அடியும் 105 அடியும் சரியான மூலைவிட்ட நீளங்கள் என்றால் அந்த மனையில் 6000 சதுர அடி இருக்கவே முடியாது. அளவிலோ பத்திரத்திலோ ஏதோ ஒன்று இடிக்கிறது.

---

முத்துராஜ்

அரை அடி முன்னே பின்னே என்று அவரே சொல்லியிருக்கிறார் ஐயா. 105 என்பது 106 ஆக இருந்தால் 113 × 106-இல் பாதி 5989. கிட்டத்தட்ட வந்துவிட்டதே. கயிறு தொய்ந்திருக்கும், அவ்வளவுதான். சரிவகம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

---

சுந்தரமூர்த்தி

மொத்தப் பரப்புக்கு நீங்கள் சொல்வது பொருந்தும் தம்பி. ஓர் அடிப் பிழை அதை விளக்கிவிடும். விகிதத்தை விளக்காது. 105 அடிக் கயிறு 2 : 3 ஆகப் பிரிய வேண்டுமானால் வடகிழக்குத் துண்டு 42 அடி இருக்க வேண்டும், இவர் 44 அளந்திருக்கிறார். 106 என்று எடுத்தாலும் 42.4. ஒன்றரை அடிக்கு மேல் பிழை, அதுவும் ஒரே கயிற்றில் மட்டும். தொய்வு என்றால் இரண்டு துண்டும் சேர்ந்து நீளும், வெட்டும் இடம் இப்படி ஒரு பக்கமாக நகராது. கிணற்றுச் சுவரில் கயிறு பட்டு விலகியிருந்தால் நடக்கலாம்.

---

தமிழ்ச்செல்வி

வேலவன் அண்ணா, நான்கு ஓரத்தையும் தனியாக அளந்து போடுங்கள். நான்கு பக்கமும் ஒரு மூலைவிட்டமும் இருந்தால் இரண்டு முக்கோணமாகப் பிரித்துப் பரப்பு கண்டுபிடித்துவிடலாம். இணை என்ற அனுமானமே வேண்டாம். பத்திரத்தில் இருக்கும் 80 அடி எந்த இடத்தில் அளந்தது என்பதும் தெரிய வேண்டும். இணையில்லாத பக்கங்களுக்கு நடுவே தூரம் இடத்துக்கு இடம் மாறும்.

---

வேலவன்

கிணற்றுச் சுவர் இரண்டரை அடி உயரம். வடகிழக்கு மூலையில் கல்லும் இல்லை, வேலி முனையை வைத்துத்தான் கயிறு கட்டினோம். அந்த முனை சரியான மூலைதானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்தப் பக்கத்து மனைக்காரர் போன வருடம் வேலியைப் புதிதாகப் போட்டார். சர்வேயருக்கு மனு கொடுத்து எஃப்.எம்.பி. வரைபடத்தோடு அளக்கச் சொல்லலாம் என்று அண்ணன் சொல்கிறார். அதுவரைக்கும் பங்கு பிரிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் ஐயா. அளந்து பார்த்துச் சரிவகம் இல்லை என்றே ஆகிவிட்டால், கிணற்றைத் தொடும்படி நான்கு சமப் பங்கு அப்போதும் வருமா?

---

சுந்தரமூர்த்தி

வரும். கிணற்றிலிருந்து எந்தத் திசையில் முதல் வரப்பைப் போட்டாலும், அங்கிருந்து சுற்றிக்கொண்டே போய்க் கால் பங்கு நிறையும் இடங்களில் கல் நடலாம். நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு கிணற்றின் வழியே போகாது, இரண்டு வேலியிலும் ஒரே பின்னம் வராது. ஒவ்வொரு கல்லுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டியிருக்கும். சர்வேயர் தரும் அளவுகளை இங்கே போடுங்கள், போட்டுப் பார்க்கலாம்.

---

கயல்விழி

மகள் இந்த இழை முழுவதையும் படித்துவிட்டு ஒன்று கேட்கிறாள். முதல் வரப்பை எங்கே போடுவது என்பது நம் விருப்பம் என்றால், நான்கு துண்டுக்கும் தெருப்பக்கம் கிடைக்கும்படி போட முடியுமா? வேலவன் அண்ணா, தெரு எந்தப் பக்கம்?